இடமிருந்து நாலாவது ஆள்

கொஞ்சம் நீளமான பதிவு. நம்ம பாடசாலையின் ஆண்டு விழா மலர் வீட்டில் இருக்கிறவர்கள் மட்டுமாவது கடைசிவரை வாசியுங்கள். அதில் ஒரு படத்துக்குக் கீழே உள்ள பெயர்கள் பிழை. அந்தப் பிழையைச் செய்தவன் நான்தான். எப்படிப் பிழைத்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், உங்கள் கொப்பியில் எப்படித் திருத்துவது என்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பின்னேரம், நம்ம ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கையில் மலர். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"சேர், ஒரு விசயம் கேக்கணும். மகள்ட கலியாணத்துக்குச் செல்லப் போன எடத்துல, ஒரு ராத்தாட வீட்டு அலுமாரிக்குள்ள எங்கட வாப்பாட படம் இரிக்கி. அவ அது தன்ட வாப்பா எண்டு செல்றா."

எந்த ராத்தா என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

ராத்தாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது வாப்பா மவுத்தாகிவிட்டார். முகம் ஞாபகம் இல்லை. வீட்டில் இருந்த இரண்டு மூன்று படங்களும் அடையாள அட்டையும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வீட்டோடு கடலுக்குப் போய்விட்டன. பிறகு யாரோ ஒருவர், உங்கட வாப்பா பள்ளிக்கூட மலரில் இருக்கிறார் என்று சொல்ல, என்னிடம் வந்தார். நான் பக்கத்தைப் புரட்டினேன். "நிற்போர் (இடமிருந்து வலமாக)" என்ற வரியில் அவருடைய வாப்பாவின் பெயர் நாலாவது. விரலை வைத்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. "இந்தா ராத்தா, இவர்தான்" என்றேன். அந்த முகத்தை மட்டும் வெட்டி ஸ்டூடியோவில் பெரிதாக்கி, சட்டம் போட்டு அலுமாரிக்குள் வைத்தார். பேரப்பிள்ளைகளுக்கு "இதுதான் உங்கட மூத்தவாப்பா" என்று காட்டி வந்தார். சின்னப் பேரனுக்கு அதே மூக்கு என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

இப்போது வந்தவர் தன் வாப்பாவின் அடையாள அட்டையை மேசையில் வைத்தார். அவருடைய வாப்பா நாலைந்து வருடத்துக்கு முன்தான் மவுத்தானவர். நானே ஜனாஸாவுக்குப் போயிருக்கிறேன். அட்டையில் உள்ள முகம் கொஞ்சம் வயதான முகம். ஆனால் புருவமும், காது வெளியே தள்ளி நிற்பதும் அதேதான். மலரில் நாலாவதாக நிற்கும் பையன் அவருடைய வாப்பா என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"உங்கட வாப்பாட பேர் பட்டியல்ல எத்தினையாவது?" என்று கேட்டேன்.

"ஏழாவது. ஏழாவது ஆளப் பாத்தன் சேர். அது எங்கட வாப்பா இல்ல. அச்சு சரியில்லாக்கும் எண்டு விட்டுட்டன்."

அவர் போன பிறகு அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு இரவு வெகுநேரம் இருந்தேன்.

படம் 1969 ஆம் ஆண்டு இலக்கிய மன்றத்தினுடையது. கதிரையில் ஒரு வரிசை, பின்னால் நிற்பது ஒரு வரிசை. கதிரையில் ஒன்பது பேர்: நடுவில் அதிபர், இரண்டு பக்கமும் ஆசிரியர்களும் மன்றத் தலைவரும் செயலாளரும். நிற்பவர்கள் எல்லாம் மாணவர்கள். எல்லோருக்கும் ஒரே வெள்ளைச் சேட்டு, ஒரே வெள்ளைத் தொப்பி.

முதலில் செய்தது, பெயர்களையும் தலைகளையும் எண்ணியது. இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் செய்யாத வேலை அது. கதிரை வரிசையில் பெயர் ஒன்பது, தலை ஒன்பது. நிற்கும் வரிசையில் பெயர் பதினொன்று. தலை பத்து.

யாரோ ஒருவர் குறைகிறார். அன்றைக்கு ஒருவர் வராமல் இருந்தால் நம்ம வழக்கப்படி "சமுகமளிக்காதோர்" என்று தனி வரி போட்டிருப்பார்கள். அது இல்லை. அப்படியென்றால் படம் எடுக்கும்போது பதினொரு பேரும் இருந்திருக்கிறார்கள். பிறகு ஓரத்தில் ஒருவர் வெட்டுப்பட்டிருக்கிறார். உற்றுப் பார்த்தால் பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு தோள்பட்டைத் துண்டு தெரிகிறது. ஆள் இல்லை.

இடது ஓரத்தில் ஒருவர் போய்விட்டால் பெயர்கள் ஒவ்வொரு இடம் தள்ளிப் போகும் என்று நினைத்தேன். பட்டியலில் முதலாவது பெயருக்குரியவர் வெட்டுப்பட்டிருந்தால், நாலாவது பெயருக்குரியவர் படத்தில் மூன்றாவதாக நிற்க வேண்டும். ஏழாவது பெயர் ஆறாவது ஆளாக வேண்டும். ஆனால் ஏழாமவர் நிற்பது நாலாவது இடத்தில். கணக்குப் பொருந்தவில்லை. ஒரு பக்கம் வெட்டியது மட்டும் காரணம் என்றால் எல்லோரும் ஒரே அளவுதான் நகர்வார்கள். ஏழாமவர் மூன்று இடம் நகர்ந்திருக்கிறார். வேறு ஏதோ ஒன்றும் நடந்திருக்கிறது.

அதைச் சொன்னது சேட்டுப் பைகள். ஆண்களின் சேட்டில் பை ஒன்றுதான் என்றால் அது இடது மார்பில் இருக்கும். எதிரே நின்று பார்க்கிற நமக்கு அது வலது பக்கமாகத் தெரிய வேண்டும். வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நிற்கிறவன் நான், எனக்கு இது பழகின காட்சி. ஆனால் மலரில் உள்ள படத்தில் பை தெரிகிற ஏழு பேருக்கும் அது என் இடது கைப் பக்கம் இருந்தது. ஒருவருடைய சேட்டை யாரோ மாற்றித் தைத்திருக்கலாம். ஏழு பேருடையதையும் மாற்றித் தைத்திருக்க முடியாது. மணிக்கூடு கட்டியிருந்த மூன்று ஆசிரியர்களுக்கும் அது வலது கையில் இருப்பதுபோல் தெரிந்தது.

படம் கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறது.

இது நமக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை. அமெரிக்காவில் பில்லி த கிட் என்ற துப்பாக்கிக்காரனின் பேர்போன படம் ஒன்று இருக்கிறது. தகரத் தகட்டில் நேரடியாக எடுத்த படம். அந்த முறையில் எடுத்த படம் எப்போதும் இடம் வலம் மாறித்தான் வரும். அதில் கைத்துப்பாக்கி இடது இடுப்பில் தெரிந்ததால் அவன் இடது கைக்காரன் என்றே பல காலம் நம்பினார்கள். 'இடது கைத் துப்பாக்கி' என்ற கருத்தில் பெயர் வைத்து 1958 இல் ஒரு சினிமாப் படமும் வந்தது. உண்மையைக் காட்டியது அவன் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த நீளத் துப்பாக்கி. அந்த வகைத் துப்பாக்கியில் ரவை போடும் வாய் வலது பக்கத்தில்தான் இருக்கும். படத்தில் அது இடது பக்கத்தில் தெரிந்தது. நம்ம படத்தில் சேட்டுப் பை செய்த வேலையை அங்கே அந்தத் துப்பாக்கி வாய் செய்தது. தலை வகிடை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள். வகிடு ஆளுக்கு ஆள் மாறும். எல்லோருக்கும் ஒரே பக்கம் இருக்க வேண்டிய பொருளைத்தான் பார்க்க வேண்டும். ஆண்கள் என்றால் சேட்டுப் பை, சாரி உடுத்த ஆசிரியைகள் என்றால் இடது தோளில் போடுகிற முந்தானை.

நம்ம படம் எப்படி மாறியது என்பது இப்போது எனக்குத் தெரியும். மலர் தயாரித்த காலத்தில் அலுவலக அலுமாரியில் இருந்த பழைய நெகடிவைக் கொண்டுபோய்ப் படம் போட்டுத் தரச் சொன்னவன் நான். நெகடிவுக்கு இரண்டு முகம். ஒன்று மினுங்கும், மற்றது மங்கல். படம் பதிந்திருக்கும் பசை உள்ளது மங்கலான பக்கம். அது அச்சுத் தாளைப் பார்த்து இருக்க வேண்டும். மினுங்கும் பக்கத்தைத் தாளுக்குக் காட்டினால் படம் வரும், அழகாகவே வரும், ஆனால் இடம் வலம் மாறி வரும். அவசரத்தில் அப்படி நடந்திருக்கிறது. போட்டவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாங்கிப் பார்த்து "நல்லா வந்திருக்கு" என்று சொன்னவன் நான்.

சரி, அப்போது ஏன் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை? இரண்டு காரணம்.

முதலாவது, நடுவில் இருந்த அதிபர். ஒன்பது பேரில் அவர் ஐந்தாவது. இடமிருந்து எண்ணினாலும் ஐந்தாவது, வலமிருந்து எண்ணினாலும் ஐந்தாவது. படம் மாறினாலும் அவர் இடம் மாறாது. மலர்க் குழுவில் இருந்த எல்லோரும் அவர் பெயரை எண்ணிப் பார்த்தோம், சரியாக இருந்தது, பட்டியல் முழுவதும் சரி என்று முடிவு கட்டினோம். அவருக்குப் பக்கத்தில் இருந்த ஆசிரியர்கள் பெரும்பாலும் வெளியூர் ஆட்கள், எங்களுக்கு முகம் தெரியாது. பிழையைக் காட்டிக்கொடுக்க முடியாத ஒரே ஆளை வைத்துத்தான் நாங்கள் பரீட்சை பண்ணியிருக்கிறோம்.

விஞ்ஞானப் பாடம் படித்தவர்களுக்கு 1927 இல் பிரசல்ஸில் நடந்த சொல்வே மாநாட்டுப் படம் தெரிந்திருக்கும். மூன்று வரிசையில் இருபத்தொன்பது பேர். முன் வரிசையில் ஒன்பது பேர், நடுவில் ஐந்தாவதாக ஐன்ஸ்டைன். அந்தப் படத்தை மாற்றி அச்சடித்தாலும் ஐன்ஸ்டைன் ஐந்தாவதாகவே இருப்பார். ஆனால் இடமிருந்து மூன்றாவதாக இருக்கும் மேரி கியூரி ஏழாவது இடத்துக்குப் போய்விடுவார், அந்தப் படத்தில் இருக்கும் ஒரே பெண் அவர். மூன்றாவது பெயராக மேரி கியூரி என்று போட்டிருக்க, அந்த இடத்தில் ஓர் ஆண் இருந்தால் சின்னப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். நம்ம படத்தில் அப்படி ஒருவர் இல்லை. பத்துப் பையன்கள், பத்து வெள்ளைத் தொப்பி.

இரண்டாவது காரணம் கரும்பலகை. படம் எடுத்தபோது முன்னால் தரையில் ஒரு சின்னக் கரும்பலகையில் மன்றத்தின் பெயரும் வருடமும் எழுதி வைத்திருந்தார்களாம். அது இருந்திருந்தால் எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்து அன்றைக்கே பிடிபட்டிருக்கும். ஆனால் பக்கத்தில் வாழ்த்துச் செய்தி ஒன்றுக்கு இடம் போதவில்லை என்று கீழே கொஞ்சத்தையும் பக்கவாட்டில் கொஞ்சத்தையும் வெட்டிவிட்டோம். கீழே வெட்டியதில் கரும்பலகை போனது. பக்கவாட்டில் வெட்டியதில் ஒரு மனிதர் போனார்.

இப்போது கணக்குப் பொருந்தியது. நிற்கும் வரிசையில் பதினொரு பேர். படம் மாறினால் முதலாமவர் பதினோராவதாகப் போவார், பதினோராமவர் முதலாவதாக வருவார். நாலாமவர் எட்டாவதாக நிற்பார். பிறகு இடது ஓரத்தில் ஒருவரை வெட்டியதால் எல்லோரும் ஒரு இடம் முன்னுக்கு வருவார்கள். ஆகவே நாலாமவர் நிற்பது ஏழாவது இடத்தில். ஏழாமவர் படம் மாறும்போது ஐந்தாவதாகி, வெட்டிய பிறகு நாலாவதாக நிற்கிறார். இருவரும் ஒருவர் இடத்தில் மற்றவர். ராத்தாவின் அலுமாரிக்குள் இருந்தது ஏழாமவர். அந்த மகன் "அச்சு சரியில்லை" என்று விட்டுவிட்ட முகம்தான் ராத்தாவின் வாப்பா.

கணக்கு மட்டும் போதாது என்று நினைத்தேன். ஒருதரம் விரலால் எண்ணி ஒரு பிள்ளைக்கு வேறு வாப்பாவைக் காட்டியவன், இரண்டாம் தரமும் விரலால் எண்ணிக்கொண்டு போகக் கூடாது. பெயர்ப்பட்டியலே முதலில் பிழையாக எழுதப்பட்டிருக்கலாமே. அன்றைக்கு அங்கே நின்ற ஒருவர் வேண்டும்.

பட்டியலில் இரண்டாவது பெயருக்குரியவர் ஹயாத்தோடு இருக்கிறார். கலியாணம் முடித்துச் சம்மாந்துறைக்குப் போனவர், நம்ம பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டோடு இருந்துவிட்டார். மலர் வந்த காலத்தில் சவூதியில். மலரை அவர் கண்ணாலும் கண்டதில்லை. ஊர் கடலோரத்தில் இல்லாததால் அவர் வீட்டுப் பெட்டிகளுக்கு 2004 இல் ஒன்றும் ஆகவில்லை.

போகும்போது மலரில் உள்ள படத்தைப் பெயர் இல்லாமல் தனியாகக் கொப்பி எடுத்துக்கொண்டு போனேன். பெயரைக் காட்டிவிட்டுக் கேட்டால் யாரும் அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரித்தான் முகத்தைப் பார்ப்பார்கள். நானும் ராத்தாவும் அப்படித்தான் பார்த்தோம். ஆகவே படத்தைக் கொடுத்து, "இதுல ஆரத் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வலது ஓரத்தில் வைத்தார். ஓதுகிற மாதிரி வலமிருந்து இடமாக விரல் போனது. "இது மத்திச்சம் வீட்டுப் பொடியன். இது நான். இது... பேர் வருகிதில்ல. இது..." என்று சொல்லி, ராத்தாவின் வாப்பாவுடைய பெயரைச் சொன்னார். வலமிருந்து நாலாவது. பத்துப் பேரில் அது இடமிருந்து ஏழாவது. பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்தார். "பாவம், வயசில்லாமப் போனவன்" என்றார்.

பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தார். அதற்குள் அதே படம், அந்தக் காலத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த கொப்பி. வெட்டாதது. சேட்டுப் பைகள் எல்லாம் வலது பக்கம். கீழே கரும்பலகை, எழுத்து நேராக. நிற்கிறவர்கள் பதினொரு பேர். அதில் இடமிருந்து நாலாவதாக நின்றார் ராத்தாவின் வாப்பா, பட்டியலில் உள்ளபடியே. பட்டியல் எழுதியவர் ஒரு பிழையும் விடவில்லை. சரியான பட்டியலுக்கு மேலே மாறின படத்தை வைத்தது நாங்கள்.

அந்தப் படத்தின் பின்பக்கத்தில் அவர் அந்தக் காலத்தில் பென்சிலால் பெயர்கள் எழுதியிருந்தார். வாசித்ததும் எனக்குத் திரும்பவும் தலை சுற்றியது. பின்னால் நாலாவதாக இருந்தது எட்டாமவரின் பெயர்! அவர் சிரித்தார். "எழுதின மாதிரியே வாசிக்காதீங்க சேர். ஒவ்வொரு ஆள்ட முதுகுக்குப் பின்னாலயும் அவன்ட பேர எழுதின." முகத்தின் மேல் பெருவிரலையும் அதற்கு நேரே பின்னால் சுட்டுவிரலையும் வைத்துக் காட்டினார். படத்தைத் திருப்பும்போது இடது ஓரம் வலது ஓரமாகிறது. ஆளுக்கு நேரே பின்னால் எழுதிய பெயர்களை வரிசையாக வாசித்துக் கொப்பி பண்ணினால் அத்தனையும் எதிர்ப் பக்கமாகப் போய்விடும். உங்கள் வீட்டுப் பழைய படங்களின் பின்னால் பெயர் இருந்தால், அதை எடுத்து எழுதுவதற்கு முன் ஒரு ஆளையாவது பெருவிரலும் சுட்டுவிரலும் வைத்துப் பாருங்கள்.

அந்த மூலப் படத்தை ஸ்கேன் பண்ணிக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். ஏழாமவரின் மகனையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். போய் இருந்ததும் நேராகவே சொல்லிவிட்டேன். "ராத்தா, நான்தான் பிழையா எண்ணிக் காட்டின. மன்னிச்சுக்கங்க."

அவர் புதுப் படத்தை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். அலுமாரியில் இருந்த சட்டத்தை எடுத்து, துடைத்து, அந்த மகனின் கையில் கொடுத்தார்.

"இவருக்கும் எத்தினையோ வருசம் துஆ கேட்டிருக்கன். அது வீண்போகாது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவர்தான் எண்டு உறுதியா மனே?" என்று கேட்டார்.

உறுதி என்றேன். எப்படி உறுதி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன், பையிலிருந்து பிஸ்கட் டின் வரை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. முதல்தரம் நான் காட்டியபோதும் உறுதி என்றுதானே சொன்னேன்.

இனி, உங்கள் கொப்பிக்கான திருத்தம். மலரில் இலக்கிய மன்றப் படத்தில் நிற்கும் வரிசையில் உங்கள் ஆள் பட்டியலில் எத்தனையாவதோ, அந்த இலக்கத்தைப் 11 இலிருந்து கழியுங்கள். வருகிற இலக்கம்தான் படத்தில் இடமிருந்து அவர் நிற்கும் இடம். இரண்டாமவர் ஒன்பதாவதாக நிற்கிறார், ஐந்தாமவர் ஆறாவதாக நிற்கிறார். பதினோராமவருக்குக் கழித்தால் ஒன்றும் மிஞ்சாது. வெட்டுப்பட்டது அவர்தான். அவருடைய குடும்பத்தினர் எனக்கு அறிவியுங்கள், வெட்டாத படத்தைத் தருகிறேன். கதிரை வரிசையில் வெட்டு இல்லை, ஆகவே அங்கே 10 இலிருந்து கழியுங்கள். அதிபர் ஐந்திலேயே இருப்பார்.

இந்தக் கணக்கு இந்த ஒரு படத்துக்கு மட்டும். மலரில் உள்ள மற்றக் குழுப் படங்களையும் சேட்டுப் பையையும் தலைக் கணக்கையும் வைத்துப் பார்த்தேன். அவை நேராகவே இருக்கின்றன.

அடுத்த மலருக்குப் படம் எடுக்கிற இளம் ஆசிரியர்களுக்கு ஒரு விசயம். "முதலாம் வரிசை, இரண்டாம் வரிசை" என்று எழுதாதீர்கள். சிலருக்கு முதலாம் வரிசை முன்னால் இருப்பது, சிலருக்குப் பின்னால் உயரத்தில் நிற்பது. தரையில் இருப்போர், கதிரையில் இருப்போர், நிலத்தில் நிற்போர், வாங்கில் நிற்போர் என்று எழுதுங்கள். படத்தைப் பார்த்ததும் விளங்கும். ஒவ்வொரு வரிசைக்கும் எத்தனை பேர் என்று பக்கத்தில் இலக்கம் போடுங்கள். ஒருவர் வெட்டுப்பட்டால் அந்த இலக்கம் சொல்லிக்கொடுக்கும். "இடது" என்றால் யாருடைய இடது என்ற குழப்பமும் வரும், படத்தில் நிற்கிறவரின் இடது கை நமக்கு வலது பக்கம். ஆகவே "பார்ப்பவரின் இடப்பக்கத்திலிருந்து" என்று முழுதாக எழுதுங்கள். இரண்டு வரிசைக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறவரை ஏதாவது ஒரு வரிசைக்குள் திணிக்காமல், "அதிபருக்குப் பின்னால் வலப்புறம்" என்று தனியாகச் சொல்லுங்கள். நடு ஆளைத் தவிர இன்னும் ஒருவருக்காவது ஒரு அடையாளம் எழுதிவிடுங்கள்: கேடயம் பிடித்திருப்பவர், கண்ணாடி போட்டவர் என்று. படம் மாறினால் அந்த அடையாளம் பிழைத்து நம்மை நிறுத்தும்.

போனில் எடுக்கும் படத்திலும் இது வரும். முன் கமராவில் எடுத்தால் திரையில் தெரிவது கண்ணாடிக் காட்சி. சில போன்கள் அதை அப்படியே சேமிக்கும், சிலது திருப்பிச் சேமிக்கும், செட்டிங்கைப் பொறுத்தது. சட்டையில் பாடசாலைச் சின்னம் இருந்தால் அதன் எழுத்து நேராக வாசிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகு பெயரை எழுதுங்கள். பெயர்களைப் படத்துக்குக் கீழேயே வெள்ளைப் பட்டி விட்டு, அதற்குள் எழுதிச் சேமியுங்கள். தனியாக எழுதி அனுப்பினால் பத்துக் குறூப்புக்குப் போவதற்குள் படம் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம்.

நம்ம ஊரில் எத்தனையோ வீட்டில் ஒரு மனிதரின் முகம் ஒரே ஒரு குழுப் படத்தில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. அப்படிப் படம் உங்களிடம் இருந்தால், பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயரை மூடிவிட்டுக் காட்டுங்கள். சம்மாந்துறை நானாவிடம் பட்டியலில் இன்னும் மூன்று பேருக்கு முகம் கேட்க வேண்டியிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போகிறேன். வருகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.